கோப்புகளை எத்தனை வருடம் வைப்பது? வட்ட அலுவலகப் பதிவறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் வேலூர்ப் பக்கம் ஒரு அலுவலகத்துக்கு எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். மடித்து மடித்து நைந்துபோன ஒரு தபால் ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தது. பட்டா மாறுதலுக்கு எதிராக அவர் கொடுத்த ஆட்சேபணை மனுவுக்கான சீட்டு அது. அண்ணன் தம்பி வழக்கு சிவில் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த மனுவின் மேல் என்ன விசாரணை நடந்தது, யார் வாக்குமூலம் கொடுத்தார்கள் என்று காட்டும் கோப்பு அவருக்கு வேண்டும். தேடினோம். தன்பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. கோப்பு எண், "உத்தரவு வழங்கப்பட்டது", பக்கத்தில் "மூ.மு.", அதாவது மூன்றாண்டு முடிவு. அவ்வளவுதான். மூன்று வருடம் முடிந்ததும் விதிப்படி அழித்துவிட்டார்கள்.

அழித்தவர் மேல் தப்பில்லை. நிலத்தின் உரிமையைத் தொடும் ஒரு கோப்பை முடித்த அன்று, அதன் தலையில் "மூ.மு." என்று எழுதிய பேனாவில்தான் தப்பு நடந்தது. அதனால் பதிவறையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பிரிவு எழுத்தரின் மேஜையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஒரு கோப்பின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது.

முதல் படி: நான்கு முடிவுகளையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட, வட்ட அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே அதை எவ்வளவு காலம் வைப்பது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறோம். எல்.டிஸ். என்றால் ஓராண்டு முடிவு, சுருக்கமாக ஓ.மு. கே.டிஸ். என்றால் மூன்றாண்டு முடிவு, மூ.மு. டி.டிஸ். என்பது பத்தாண்டு முடிவு, ப.மு. ஆர்.டிஸ். என்பது நிரந்தர முடிவு, நி.மு. இவை தவிர என்.டிஸ். என்று ஒன்று உண்டு. வந்த தாளையே மேலெழுத்துடன் திருப்பி அனுப்பிவிடுவது. அதில் நம்மிடம் கோப்பே மிஞ்சாது, பதிவேட்டு வரி மட்டும்தான் சாட்சி.

இந்த எழுத்துகள் எல்லோருக்கும் தெரியும். எதற்கு எது என்பதில்தான் கை தடுமாறுகிறது. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் கேட்பார்கள், கோப்பை எப்படியாவது முடிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மூ.மு. போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மூன்று வருடம் என்பது கேட்க நியாயமாகவும் இருக்கிறது. அதனால்தான் பதிவறையில் மற்ற முடிவுகளை விட மூ.மு. கட்டுகள் கூடுதலாக இருக்கின்றன. குப்பையாகப் போகவேண்டிய நினைவூட்டுக் கடிதமும் அதே கட்டில், தலைமுறைக்கு இருக்கவேண்டிய உத்தரவும் அதே கட்டில்.

கோப்பை முடிக்கும் முன் உங்களையே நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பை வைத்து ஒருவர் வழக்குப் போடலாமா, அதற்கு எத்தனை வருட அவகாசம்? இதில் பணம் இருக்கிறதா, தணிக்கை முடிந்துவிட்டதா? இதில் ஒரு ஆளின் வேலை, ஓய்வூதியம், சாதி, வயது போன்ற ஏதாவது நிலைநாட்டப்பட்டிருக்கிறதா? இதில் ஒரு நிலத்தின் எல்லையோ உரிமையோ முடிவாகியிருக்கிறதா?

முதல் கேள்வியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பண பாக்கிக்கான வழக்குகளுக்குப் பொதுவாக 3 வருடம். அசையாச் சொத்தின் சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு 12 வருடம். அரசே தொடுக்கும் வழக்குகளுக்கு 30 வருடம். இப்போது நம் நான்கு முடிவுகளையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத் தகராறு உள்ள கோப்புக்குப் பத்தாண்டு முடிவு போட்டால்கூட, எதிராளிக்கு வழக்குப் போட இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போதே நம்மிடம் கோப்பு இருக்காது. ஆகவே நிலத்தின் உரிமையோ எல்லையோ முடிவான கோப்புக்கு நான் நி.மு. தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன். பட்டா மாறுதல் உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்குமேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று போனால் அதற்கே வருடங்கள் பிடிக்கும். சிவில் வழக்கு அதற்கப்புறம்தான் தொடங்கும்.

இரண்டாம் படி: அட்டவணையைப் பதிவேட்டிலிருந்து எழுதுங்கள், அலமாரியிலிருந்து வேண்டாம்

பாதுகாப்புக் கால அட்டவணை தயாரிக்கச் சொன்னால் பலரும் நேரே பதிவறைக்குப் போய்க் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பிக்கிறார்கள். இரண்டு நாளில் தூசியில் தும்மித் தும்மி விட்டுவிடுகிறார்கள். அலமாரியில் தெரிவது தங்கிப்போனவை மட்டும். அலுவலகம் என்னென்ன உண்டாக்குகிறது என்பதைப் பிரிவு வாரியாகத் தன்பதிவேடு சொல்லும். வருடாவருடம், மாதாமாதம் போகும் அறிக்கைகளைக் காலமுறைப் பதிவேடு சொல்லும். ஒரு முழு வருடத்துத் தன்பதிவேடுகளை எடுத்து, பொருள் என்ற பத்தியை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். முப்பது நாற்பது வகைகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

நான் ஒரு வட்ட அலுவலகத்துக்கு எழுதுவதானால் ஆரம்பம் இப்படி இருக்கும். உங்கள் துறையின் கையேடோ அரசாணையோ ஒரு வகைக்குத் தனியாகக் காலம் சொல்லியிருந்தால் அதுதான் முன்னே நிற்கும். இந்த மாதிரி, அப்படிச் சொல்லாத இடங்களுக்கு.

- நினைவூட்டுகள், கூட்ட அழைப்புகள், தகவலுக்காக வந்த நகல்கள்: ஓ.மு.
- மேலே அனுப்பிவிட்ட மாதாந்திர அறிக்கைகளின் அலுவலக நகல்: ஓ.மு., ஆனால் வருடாந்திர தொகுப்பு அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு.
- நிலமோ பணமோ சம்பந்தப்படாத, ஒரே பதிலோடு தீர்ந்த பொதுமக்கள் மனு: மூ.மு.
- ஒரு பசலிக்கான, அதாவது ஒரு வருவாய் ஆண்டுக்கான குத்தகை, ஏலம்: மூ.மு., கடைசித் தொகை வசூலாகித் தணிக்கை ஆட்சேபணையும் நீங்கிய பிறகு.
- சாதிச் சான்று பற்றிய விசாரணை, சான்று ரத்து: நி.மு.
- பட்டா மாறுதலில் ஆட்சேபணை வந்து விசாரித்து முடித்தவை, நில ஒப்படை, ஆக்கிரமிப்பு, நில எடுப்பு: நி.மு.
- அ பதிவேடு, புல வரைபடம், தன்பதிவேடு, அழிப்புப் பதிவேடு: நிரந்தரம், கோப்பாக இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

சாதிச் சான்றுக்கு ஏன் நிரந்தரம் என்று கேட்பார்கள். ஒருவர் வேலையில் சேர்ந்து இருபது இருபத்தைந்து வருடம் கழித்து, ஓய்வு பெறும் நேரத்தில்கூட அவருடைய சான்றின் மெய்த்தன்மை கேட்டுக் கடிதம் வரும். அப்போது விசாரணைக் கோப்பு இல்லையென்றால், உண்மையான சான்று வைத்திருப்பவரின் ஓய்வூதியமும் நின்றுபோகும். அப்படி மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தன்பதிவேடு நிரந்தரம் என்று போட்டதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோப்பே அழிந்தாலும், இந்த மனு இந்தத் தேதியில் வந்தது, இப்படி முடிந்தது என்று சொல்ல அந்த ஒரு வரி இருக்கிறது. முன்பு சொன்ன பெரியவருக்குக் கடைசியில் உதவியதும் அந்த வரியின் சான்றிட்ட நகல்தான். முழுக் கோப்பு கொடுத்திருக்கும் பலம் அதற்கு இல்லை. ஆனால் மனு கொடுத்ததே பொய் என்று எதிர்த் தரப்பு சொன்னதை அது உடைத்தது.

மூன்றாம் படி: எந்த நாளிலிருந்து எண்ணுவது

எனக்குத் தெரிந்து தவறாக அழிந்த கோப்புகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் போயிருக்கின்றன. வருடம் சரியாகத்தான் இருக்கும், எண்ண ஆரம்பித்த நாள் தப்பாக இருக்கும்.

கோப்பின் எண்ணில் நிற்பது பெரும்பாலும் அது பிறந்த வருடம். ந.க. 2315/2014 என்று தொடங்கிய கோப்பு ஐந்து வருடம் ஓடி முடிந்தாலும் மூ.மு. 2315/2014 என்றே முடியும். முடிவுத் தேதி கீழே சின்னதாக இருக்கும். கட்டின் வெளியே சீட்டில் "2014" என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டால், நாளைக்கு வரும் பதிவறை எழுத்தர் 2017லேயே காலம் முடிந்தது என்றுதான் நினைப்பார். வருவாய்த் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. குத்தகை, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் பசலிக் கணக்கு. பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம் வரும். பசலி 1424 என்றால் 2014 ஜூலை முதல் 2015 ஜூன் வரை.

ஒரு கோப்பை எடுத்து முழுக்கப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காக நான் அமைத்ததுதான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு திருப்பமும் வட்ட அலுவலகத்தில் இருந்தவர்களுக்குப் பழக்கமானது.

புறம்போக்கில் நிற்கும் புளியமரங்களின் மகசூலை பசலி 1424க்கு ஏலம் விடுகிறார்கள். கோப்பு 2014 ஜூனில் தொடங்குகிறது, ந.க. 2315/2014. ஏல அறிவிப்பு, தண்டோரா போட்டதற்கு அத்தாட்சி, ஏலப் பட்டியல், முன்பணச் செலுத்துச் சீட்டு எல்லாம் நடப்புக் கோப்பில் சேருகின்றன. குத்தகைதாரர் பாதிப் பணம் கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார். அந்த வருடம் காய்ப்பு இல்லை என்கிறார். பசலி முடிந்த பிறகு, 2016இல் வருவாய் வசூல் சட்டப்படி நடவடிக்கை தொடங்குகிறது. 2018 மார்ச்சில் பாக்கி வசூலாகிறது. இதற்கிடையில் தணிக்கையில், வட்டி கணக்கிட்டது குறைவு என்று ஒரு ஆட்சேபணை. பதில் எழுதி, வித்தியாசத் தொகையையும் வசூலித்து, 2019 மே மாதம் ஆட்சேபணை நீங்குகிறது. 2019 ஜூன் 14ஆம் தேதி கோப்பு மூ.மு. என்று முடிகிறது.

இப்போது எண்ணுங்கள். கட்டின் மேலே பசலி 1424 என்று எழுதியிருந்தால் ஒருவர் 2018 ஜூனில் காலம் முடிந்தது என்பார். எண்ணைப் பார்த்தவர் 2017 முடிவில் என்பார். இரண்டு நாளிலும் கோப்பு உயிரோடு நடந்துகொண்டிருந்தது. சரியான கணக்கு முடிவுத் தேதியான 14.6.2019இலிருந்துதான். அதிலும் நான் நாள் கணக்கு வைப்பதில்லை. முடிந்த வருடத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த ஜனவரி 1லிருந்து மூன்று முழு வருடம். ஆக 31.12.2022 வரை வைத்திருந்து, 2023 ஜனவரியில் அழிப்புப் பட்டியலில் சேர்க்கலாம். இப்படி வைத்தால் ஒரு வருடத்துக் கட்டு முழுவதும் ஒரே மாதத்தில் தவணைக்கு வரும், தாள் தாளாகத் தேதி பார்க்க வேண்டியதில்லை.

கோப்பு இன்னும் முடியவில்லை. அதன் நடுவில் ஒரு தாள் இருக்கிறது. ஏலத்தில் சேர்த்த மரங்களில் இரண்டு என் பட்டா நிலத்தில் நிற்கின்றன என்று பக்கத்து நிலக்காரர் 2014 ஆகஸ்டில் மனுக் கொடுக்கிறார். குறுவட்ட அளவர் வந்து அளந்து, ஒரு மரம் பட்டாவில், ஒன்று புறம்போக்கில் என்று வரைபடத்தோடு அறிக்கை தருகிறார். வட்டாட்சியர் அதை ஏற்று உத்தரவு போடுகிறார். குத்தகைக் கோப்புக்குள் ஓர் எல்லை முடிவாகிவிட்டது! குத்தகை மூன்று வருடத்தில் செத்துப்போகும் விஷயம், எல்லை அப்படியில்லை.

இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுக் கோப்பையும் அதில் மிக நீண்ட ஆயுள் உள்ள தாளின் வகைக்கு ஏற்றி நி.மு. ஆக்குவது. இன்னொன்று, மனு, அளவர் அறிக்கை, வரைபடம், உத்தரவு நான்கையும் தனி எண்ணில் பிரித்து நி.மு. ஆக்கி, குத்தகைக் கோப்பின் குறிப்புப் பக்கத்தில் "பக்கம் இத்தனை முதல் இத்தனை வரை இந்த எண்ணுக்கு மாற்றப்பட்டது" என்று எழுதி ஒப்பமிடுவது. தாள் கொஞ்சமாக இருந்தால் முதல் வழியே நல்லது. பிரிக்கும்போது பக்க எண் விட்டுப்போனால், பிறகு ஏதோ தாளை உருவிவிட்டார்கள் என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் நீதிமன்றத்தில் நமக்குத்தான் எதிராக நிற்கும்.

பதிவேடுகளுக்குக் கடைசிப் பதிவின் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ரொக்கப் பதிவேட்டுக்கு அதோடு அந்த வருடத்துத் தணிக்கையும் முடிந்திருக்க வேண்டும். பல வருடக் குத்தகை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் காலாவதியான நாள். தனியார் அலுவலகங்களிலும் குழப்பம் இதேதான். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் கம்பெனிக் கணக்கர்கள் ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆறு வருடம் வைக்க வேண்டும் என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால் சட்டம் சொல்வது, அந்த வருடத்துக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். 2022-23 நிதியாண்டுக்கு அந்தக் கடைசி நாள் 31.12.2023. அப்படியானால் 31.12.2029 வரை பில்கள் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த மார்ச்சிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் முந்திக்கொண்டு அழித்துவிடுவோம்.

நான்காம் படி: மாவட்டம் பிரிந்த கோப்புகள்

வேறு ஊர்க்காரர்களுக்கு இது பெரிதாகப் படாமல் இருக்கலாம். நமக்கு இது தினசரித் தலைவலி. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். அப்புறம்தான் வேலூருக்கு வந்தது. 1989இல் திருவண்ணாமலை, போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி எல்லாம் ஒரு பக்கம் பிரிந்து போயின. 2019 நவம்பரில் வேலூரே மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் லாரியில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒருவர் செய்யாற்றுக் கிராமத்தின் பழைய நில ஒப்படைக் கோப்பைத் தேடி முதலில் திருவண்ணாமலைக்கும் பிறகு வேலூருக்கும் நடப்பது இதனால்தான்.

கோப்பு நிலத்தோடு போக வேண்டும். கிராமம் எந்த வட்டத்தில் இருக்கிறதோ, அந்தக் கிராமத்தின் நி.மு. கோப்புகளும் அங்கே. ஆளைப் பற்றிய கோப்பு, அதாவது பணிப்பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கை, அந்த ஆள் எங்கே ஒதுக்கப்பட்டாரோ அங்கே. இரண்டு மாவட்டத்துக் கிராமங்களும் ஒரே கோப்பில் இருந்தால் மூலம் பழைய அலுவலகத்திலேயே இருக்கட்டும், சான்றிட்ட நகல் புதிய அலுவலகத்துக்குப் போகட்டும்.

போகும் கோப்புக்குப் புது எண் போடாதீர்கள். மனுதாரர் கையில் இருப்பது பழைய எண் உள்ள உத்தரவு. மாற்றுப் பட்டியல் இரண்டு பிரதி எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், பழைய தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இன்ன தேதியில் இன்ன அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது என்று சிவப்பு மையில் எழுதுவது. ஒரு கோப்புக்கு அரை நிமிடம் பிடிக்கும். அதை எழுதாமல் விட்டால் நாளைக்குத் "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் எழுத வேண்டிவரும். கிடைக்கவில்லை என்பதும் மாற்றப்பட்டது என்பதும் அழிக்கப்பட்டது என்பதும் மூன்று வேறு பதில்கள். மக்களுக்கு எது உண்மை என்று தெரிய உரிமை இருக்கிறது.

பிரிவினை நேரத்தில் மூ.மு., ப.மு. கட்டுகளைப் பிரித்து அனுப்பி அலுத்துக்கொள்ள வேண்டாம். காலம் முடியும் வரை இருந்த இடத்திலேயே வைத்து அங்கேயே அழிக்கலாம், பட்டியல் மட்டும் புதிய அலுவலகத்திடம் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: அழிப்புப் பட்டியலும் தடைகளும்

ஜனவரியில் தவணைக்கு வந்த கட்டுகளுக்குப் பட்டியல் எழுதுங்கள். எண், பொருள், முடிந்த தேதி, முடிவு வகை, தவணைத் தேதி, தடை உண்டா இல்லையா, பிரிவின் ஒப்பம் என்று ஏழு பத்தி. பட்டியலைப் பதிவறை எழுத்தர் மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பிரிவில் கோப்பு பிறந்ததோ அந்தப் பிரிவு எழுத்தர் பார்த்து ஒப்பமிட வேண்டும். மூ.மு. என்று தப்பாக முடிந்த பட்டா கோப்பைக் காப்பாற்ற இது கடைசி வாய்ப்பு. பொருள் பத்தியில் "புல எண்", "ஆட்சேபணை", "எல்லை", "ஒப்படை" போன்ற சொற்கள் இருந்தால் அந்தக் கோப்பைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் ஒப்பமிடுங்கள். வகையை உயர்த்த வேண்டுமென்றால் அலுவலகத் தலைவரின் குறிப்போடு உயர்த்தலாம்.

தடை என்றால் வழக்கு, தணிக்கை ஆட்சேபணை, ஒழுங்கு நடவடிக்கை அல்லது ஊழல் தடுப்பு விசாரணை, தீராத ஓய்வூதியம், அப்புறம் தகவல் உரிமை மனு. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கோப்பைப் பற்றி மனு வந்துவிட்டால் தவணை முடிந்திருந்தாலும் அதைத் தொடக்கூடாது. மனுவுக்குப் பதில் சொல்ல 30 நாள், பதில் பிடிக்காவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அந்த உத்தரவுக்குப் பிறகு ஆணையத்திடம் போக 90 நாள். இவை எல்லாம் தீரும் வரை கோப்பு இருக்க வேண்டும். கேட்கப்பட்ட தகவலை அழித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே பட்டியலோடு தகவல் உரிமைப் பதிவேட்டையும் வழக்குப் பதிவேட்டையும் மேஜையில் வைத்து எண் எண்ணாக ஒத்துப் பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இருபது வருடம் என்று ஒரு கணக்கு வருவதால், எல்லாக் கோப்பையும் இருபது வருடம் வைக்க வேண்டும் என்று ஒரு பேச்சு அலுவலகங்களில் உலவுகிறது. அது சரியில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய நிகழ்வைப் பற்றி ஒருவர் கேட்டால், சில விலக்குகளைத் தவிர மற்ற காரணங்களைச் சொல்லித் தகவலை மறுக்க முடியாது என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. விதிப்படி அழிந்துபோன ஓ.மு. கோப்புக்கு அது உயிர் கொடுக்காது. அதே சட்டம் இன்னொரு இடத்தில் ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைக்கச் சொல்கிறது. "அழிக்கப்பட்டது" என்று பதில் சொல்ல நமக்கு உரிமை வருவது அந்த அட்டவணையும் அழிப்புப் பதிவேடும் ஒழுங்காக இருக்கும்போதுதான்.

பழைய தாள்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. மாநில அரசுக்குப் பொருந்தாவிட்டாலும், மத்திய அரசின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் 1892க்கு முந்தைய ஆவணத்தை, எதற்கும் பயன்படாத அளவு சிதைந்திருந்தால் ஒழிய அழிக்கக்கூடாது என்கிறது. நான் அதைவிட ஒரு படி மேலே போகச் சொல்வேன். சுதந்திரத்துக்கு முந்தைய தாள் எதுவானாலும், அதன் தலையில் எந்த முடிவு எழுதியிருந்தாலும், உங்கள் பொறுப்பில் அழிக்காதீர்கள். கட்டி, பட்டியல் எழுதி, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கிய இடம் அது. அங்கே வட ஆற்காட்டுத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆறாம் படி: அழிப்பது

அலுவலகத் தலைவர் பட்டியலில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். வாய்மொழியாகச் "சரி, போட்டுடுங்க" என்று சொன்னதை நம்பிச் செய்தால் நாளைக்கு நம் பக்கம் யாரும் நிற்கமாட்டார்கள்.

முழுத் தாளாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடவே கூடாது. ஒருமுறை பேருந்து நிலையத்தில் வறுத்த வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் வருமானச் சான்று விண்ணப்பம். ஒரு பெண்ணின் பெயர், கணவர் இறந்த தேதி, குடும்ப அட்டை எண், மூலையில் அவருடைய புகைப்படம். எந்த அலுவலகத்துத் தாள் என்று முத்திரையே சொன்னது. கடலை தொண்டையில் இறங்கவில்லை. அந்தத் தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்தேன். அரசாங்கத்தை நம்பித்தானே அந்த அம்மா தன் கதையை எழுதிக் கொடுத்தார்!

துண்டாக்கும் இயந்திரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆட்களை வைத்து, கண்காணிப்பாளர் முன்னிலையில், எழுத்தும் படமும் ஒட்டவைக்க முடியாதபடி குறுக்கும் நெடுக்குமாகக் கிழிக்கலாம். பிறகு விற்றால் வரும் தொகையைச் செலுத்துச் சீட்டு மூலம் அரசுக் கணக்கில் கட்டி, சீட்டு எண்ணை அழிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆதார் நகல், மருத்துவச் சான்று, ரகசியக் குறிப்பு உள்ளவற்றை விற்காமல் அங்கேயே அழித்துவிடுவது நல்லது.

அழித்த அன்றே மூன்று இடத்தில் எழுத வேண்டும். அழிப்புப் பதிவேட்டில் தேதியும் முன்னிலை வகித்தவர் பெயரும், பதிவறைப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே அடித்தல், தன்பதிவேட்டில் "அழிக்கப்பட்டது" என்ற குறிப்பு. மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்து வருபவர் இல்லாத கோப்பை நாள்கணக்கில் தேடுவார்.

ஸ்கேன் செய்துவிட்டோமே, தாளை அழிக்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நி.மு. கோப்புக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தை ஏற்கிறது. ஆனால் பின்னால் எடுத்துப் பார்க்கக்கூடியதாக, மாறாத வடிவில், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரத்தோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. நம் அலுவலகங்களில் ஸ்கேன் செய்தவை பல, "Scan001.pdf" என்ற பெயரில், யாரோ ஒருவருடைய கணினியில் கிடக்கின்றன. அவர் மாறுதலாகிப் போனால் கோப்பும் போனது மாதிரிதான். கைரேகை, மை, கையெழுத்து இவற்றில் தகராறு வந்தால் மூலத் தாளைத்தான் நிபுணர் கேட்பார். ஓ.மு., மூ.மு. தாள்களை ஸ்கேன் செய்து காலம் கடந்தும் வைப்பதிலும் அர்த்தமில்லை. தாளை அழிக்கும்போது அதன் மின் நகலையும் சேர்த்து அழிக்க வேண்டும், பட்டியலில் இரண்டையும் குறிக்க வேண்டும்.

முதல் வருடம் இதையெல்லாம் செய்ய ஒரு வட்ட அலுவலகத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஓ.மு. கட்டுகளில் ஆரம்பியுங்கள். அவற்றில் சந்தேகம் குறைவு, ஒரு வாரத்தில் அலமாரியில் இடமும் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் காலி இடத்தில், தரையில் கரையானுக்கு எட்டும்படி கிடக்கும் நி.மு. கட்டுகளை எடுத்துத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மூ.மு. கட்டுகளை அதற்கப்புறம், வருடத்துக்கு ஒன்றாக, புரட்டிப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பெரியவருடைய கோப்பு மாதிரி ஒன்று இன்னும் அதில் இருக்கும்.